“இரண்டாவது வேலை எங்க?” – 90 செக்கன் தேர்தல் பேச்சு ஒன்றின் கதை

வலிகாமத்தில் ஒரு கலவன் பாடசாலை. எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் மாணவத் தலைவரை ஆசிரியர்களே கூடித் தெரிவுசெய்வார்கள். இங்கே தரம் 6 முதல் 13 வரை எல்லாரும் வாக்குப் போடுகிறார்கள். ஐந்து வேட்பாளர்கள். ஒவ்வொருவருக்கும் காலைக் கூட்டத்தில் 90 செக்கன். 75இல் ஒரு மணி, 90இல் இரண்டாவது மணி. அதற்கு மேலே ஒலிவாங்கி நிறுத்தப்படும்.

ஐந்து பேரில் ஒருத்தி எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தரம் 12 பிள்ளை. நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கியே பாதி ஆயுள் போய்விட்டது. அந்தக் கூட்டத்துக்குப் பத்து நாளுக்கு முன் ஒரு பின்னேரம் அவள் கொப்பியோடு வந்து, “ரீச்சர், ஒருக்கா பாத்துத் தாங்கோ” என்றாள். அந்தக் கொப்பியிலிருந்து மேடை வரை நடந்ததையும், நான் விட்ட ஒரு பிழையையும் இங்கே எழுதிவைக்கிறேன். பிழைதான் முக்கியம் என்றாலும் அதற்கு முன் பேச்சு எப்படி உருவானது என்று சொன்னால்தான் அது விளங்கும்.

முதல் வரைவில் 212 சொற்கள். வாசிக்கச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 2 நிமிடம் 20 செக்கன். அவள் வேகமாகத்தான் வாசித்தாள். தமிழில் ஒரு சொல்லுக்குள் நாலு சொல்லின் பாரம் இருக்கும். “வழிநடத்திச் செல்லவிருக்கின்றேன்” என்பது எண்ணிக்கையில் இரண்டு சொல், வாயில் இரண்டு செக்கனுக்கு மேல். மண்டபத்தில் பின்வரிசைக்கும் விளங்கும்படி நிறுத்திப் பேசினால் 90 செக்கனுக்குள் 115, 120 சொல்லுக்கு மேல் போகாது. ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் கணக்கை வைத்துத் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லாரும் மணியிடம் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

முதலில் வெட்டியது விளிப்பை. “பெருமதிப்பிற்கும் பேரன்பிற்குமுரிய அதிபர் அவர்களே, பிரதி அதிபர் அவர்களே, அறிவுக்கண் திறக்கும் ஆசிரியப் பெருந்தகைகளே, என்னோடு போட்டியிடும் சக வேட்பாளர்களே, அன்புக்குரிய மாணவச் செல்வங்களே” என்று போய் வணக்கம் சொல்லி முடிக்க 24 செக்கன் எடுத்தது. கிடைத்த நேரத்தில் கால்வாசிக்கு மேல். பேச்சுப் போட்டியில் இதற்குப் புள்ளி உண்டு, நானே போட்டிருக்கிறேன். தேர்தலில் இதற்கு ஒரு வாக்கும் இல்லை. ஆனால் வெறுமனே விட்டுவிட்டால் ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் ஐந்து சொல்லில் நிறுத்தினோம்.

அடுத்து குறள். “சொல்லுதல் யார்க்கும் எளிய” என்று தொடங்கும் 664ஆவது குறள். இதை எடுக்கச் சொன்னதும் அவளுக்கு மனவருத்தம். “எல்லா வேட்பாளரும் இதைத்தான் சொல்லப்போறினம் பிள்ளை” என்றேன். அன்றைக்கு மேடையில் ஐந்து பேரில் மூன்று பேர் அதைச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் தொடங்கும்போதே மண்டபம் கூடச் சேர்ந்து சொல்லி முடித்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் வாக்குறுதிகள். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. மைதானத்தைப் புனரமைப்பது, சிற்றுண்டிச்சாலை விலையைக் குறைப்பது, வகுப்புக்கொரு மின்விசிறி, சைக்கிள் கொட்டிலுக்குப் புதுக் கூரை, குடிதண்ணீர்ப் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு, நூலகத்தை மேம்படுத்துவது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன்.

“இதைச் செய்ய ஆரைக் கேக்கோணும்?”

“அதிபரை, ரீச்சர்.”

“கேட்டனியே?”

“இல்லை.”

“காசு ஆர் தருவினம்?”

பதில் இல்லை.

பதினொன்றில் ஏழுக்கு வெளியிலிருந்து காசு வேண்டும். வலயக் கல்வி அலுவலகமோ பழைய மாணவர் சங்கமோ மனம் வைத்தால்தான் நடக்கும். மாணவத் தலைவர் அதில் செய்யக்கூடியது ஒரு கடிதம் எழுதுவது மட்டும். மூன்றுக்கு ஓர் ஆசிரியரின் அல்லது அதிபரின் சம்மதம் போதும். ஒன்றே ஒன்றை அவள் நாளைக் காலையே தானாகத் தொடங்கலாம். ஏழையும் கோடுபோட்டு அடித்தோம். மிஞ்சிய நாலில் இரண்டை வைத்தாள், தண்ணீரும் நூலகமும். “நிரந்தரத் தீர்வு” என்பதை அடித்துவிட்டு, தண்ணீரில் அவளால் எந்தத் துண்டைத் தொட முடியும் என்று பார்க்கத் தொடங்கினோம்.

இங்கேதான் பேச்சு மேசையை விட்டு வெளியே போனது. தண்ணீர்ப் பிரச்சினை என்றால் என்ன என்று கேட்டேன். “இடைவேளைக்குள்ள எல்லாருக்கும் கிடைக்கிறேல்லை” என்றாள். எத்தனை பேருக்கு? தெரியாது. சரி, போய் எண்ணு என்று அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை இடைவேளை முழுக்க பைப்படிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் கைக்கடிகாரத்தோடு நின்றிருக்கிறாள். பிள்ளைகள் இவளுக்கு என்ன நடந்தது என்று பார்த்துச் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பு பிறகு மேடையில் திரும்பி வந்தது. அதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

ஆறு பைப்பில் இரண்டு அடைத்துப்போயிருந்தன. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் தண்ணீருக்கு எந்தப் பைப்பின் வாயிலும் வெள்ளைப் படிவு ஏறும், கவனிக்காமல் விட்டால் துளை மூடிவிடும். நாலில் தண்ணீர் மெல்ல வருகிறது. அரை லீற்றர் போத்தல் நிரம்ப 25 செக்கன். இடைவேளை 20 நிமிடம், அதாவது 1200 செக்கன். ஒரு பைப்பில் 48 போத்தல், நாலிலும் 192. மூடி திறக்கிற நேரம், தள்ளுப்படுகிற நேரம் எல்லாம் போக அதிலும் குறையும். மணி அடித்தபோது வரிசையில் 61 பேர் மிச்சம்.

இந்த 61தான் பேச்சின் அச்சாணி. “குடிதண்ணீர்ப் பிரச்சினை” என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். 61 பேர் என்றால், அந்த வரிசையில் நின்ற பிள்ளை நிமிர்ந்து உட்காரும். ஆனால் எண் காதில் நிற்காது, அதுவும் எதிரொலி உள்ள மண்டபத்தில். அதனால் எண்ணுக்கு அடுத்து அதையே கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாக மாற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பாடசாலையில் ஒரு வகுப்பில் முப்பது பேர் அளவில்; 61 என்றால் இரண்டு வகுப்பு. “இரண்டு வகுப்புப் பிள்ளைகள் வெறும் போத்தலோடு” என்பது அப்படி வந்தது.

அடுத்த நாள் அவள் அதிபரிடம் போனாள். கேட்டது ஒன்றுதான்: தரம் 6, 7 பிள்ளைகளை ஐந்து நிமிடம் முந்தித் தண்ணீருக்கு விடலாமா? ஐந்து நிமிடத்தில் நாலு பைப்பில் 48 போத்தல் நிரப்பலாம் என்று கணக்கையும் காட்டியிருக்கிறாள். அதிபர் இரண்டு கிழமை செய்து பார்க்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: தான் அவளை ஆதரிப்பதுபோல மேடையில் ஒலிக்கக் கூடாது. நியாயமான பயம். அதனால்தான் “யார் தலைவரானாலும் அந்த அனுமதி உண்டு” என்ற துண்டு பேச்சுக்குள் வந்தது. ஐந்து சொல் செலவு. ஆனால் அதுவே அவளுக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. தோற்றாலும் நடக்கப்போகிற வேலையைப் பற்றிப் பேசுகிற ஆளுக்குக் குரலை உயர்த்தத் தேவையில்லை.

குரல் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு மெல்லிய குரல். வழக்கமாக நான் கையை எப்படி அசைப்பது, எங்கே குரலை ஏற்றுவது என்று தொடங்கியிருப்பேன். இந்தத் தடவை அதைத் தொடவே இல்லை, வினைச்சொற்களை மட்டும் மாற்றினோம். முதல் வரைவில் “பாடுபடுவேன்”, “முயற்சி எடுப்பேன்”, “ஆவன செய்வேன்” என்று இருந்தன. இவை எதையும் யாரும் கண்ணால் பார்க்க முடியாது. “நிற்பேன்”, “எழுதுவேன்” என்பவற்றைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை பலகையில் எழுதியிருக்கிறதா இல்லையா என்று தரம் 6 பிள்ளைகூடப் போய்ப் பார்த்துவிடும்.

இன்னொரு சிக்கல் ஒத்திகையில் பிடிபட்டது. ஒரு வசனம் இப்படி இருந்தது: “புதுப் பைப் போட்டுத் தருவேன் என்று நான் சொல்ல மாட்டேன்.” எழுத்தில் நல்லாகத்தான் இருக்கிறது. மண்டபம் காலியாக இருந்த ஒரு பின்னேரம் அவளுடைய தோழியைக் கடைசி வாங்கில் இருத்தி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னோம். “புதுப் பைப் போட்டுத் தருவாளாம்” என்றாள். தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் கடைசியில்தான். மூச்சு முடிகிற இடமும் அதுதான். மெல்லிய குரல் வசன முடிவில் இறங்கினால் “மாட்டேன்” தகரக் கூரைக்குள் போய்விடும், “தருவேன்” மட்டும் பின்வரிசைக்குப் போய்ச் சேரும். வேட்பாளர் சொன்னதற்கு நேர் எதிரானதை நம்பிக்கொண்டு வாக்குப் போடுவார்கள். வசனத்தை உடைத்து, “போட என்னால் முடியாது” என்று குறுக்கினோம். ஐந்து சொல்லுக்குள் வசனம் முடிவதால் மூச்சு குறையாமல் “முடியாது” கடைசி வாங்கு வரை போனது. குறுகிய வசனம் என்பது அழகுக்கு மட்டும் அல்ல.

கடைசி வடிவம் இது. 114 சொற்கள், ஒத்திகையில் 82 செக்கன்:

“அதிபர் அவர்களே, ஆசிரியர்களே, நண்பர்களே, வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை இடைவேளை முடிந்து மணி அடித்தபோது தண்ணீர்ப் பைப்படியில் 61 பேர் வரிசையில் நின்றார்கள். இரண்டு வகுப்புப் பிள்ளைகள் வெறும் போத்தலோடு பாடத்துக்குப் போனார்கள். அங்கே ஆறு பைப் இருக்கிறது. தண்ணீர் வருவது நான்கில். ஒரு போத்தல் நிரம்ப 25 செக்கன். இருபது நிமிடத்தில் எல்லாருக்கும் கிடைக்காது.

நான் இரண்டு வேலை செய்வேன். முதலாவது, தரம் 6, தரம் 7 பிள்ளைகள் ஐந்து நிமிடம் முந்தித் தண்ணீர் எடுப்பார்கள். இரண்டு கிழமை செய்து பார்க்க அதிபர் அனுமதி தந்திருக்கிறார். யார் தலைவரானாலும் அந்த அனுமதி உண்டு. வரிசையில் நான் நிற்பேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், எத்தனை பேர் மிச்சம் என்று அறிவித்தல் பலகையில் எழுதுவேன். எண் குறையாவிட்டால் அதையும் எழுதுவேன்.

இரண்டாவது, செவ்வாயும் வியாழனும் நூலகம் பிற்பகல் 2.30 வரை திறந்திருக்கும். நூலகப் பொறுப்பாசிரியர் சம்மதித்துவிட்டார். சாவி என் பொறுப்பு.

புதுப் பைப் போட என்னால் முடியாது. அதற்குக் காசு வேண்டும். வரிசையைக் குறைக்க என்னால் முடியும்.

வாக்குச்சீட்டில் என் பெயர் மூன்றாவது. நன்றி.”

“எண் குறையாவிட்டால் அதையும் எழுதுவேன்” என்ற வசனம் அவளுடையது, என்னுடையது அல்ல. 61இல் 48 போனாலும் 13 பேர் மிச்சம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வரிசை “இல்லாமல் போகும்” என்று அவள் எழுதவில்லை, “குறைக்க” என்றுதான் எழுதினாள்.

82 செக்கன் என்றால் எட்டு செக்கன் கையிருப்பு. மேடையில் சிரிப்போ கைதட்டலோ வந்தால் அது போய்விடும். அதற்காக, முதல் மணி அடிக்கும்போது பேச்சு பிந்தியிருந்தால் விட்டுவிடக்கூடிய ஒரு பகுதியைப் பென்சிலால் கட்டம் போட்டுவைப்பது என் வழக்கம். எந்தப் பகுதி என்று யோசித்தேன். தண்ணீர்க் கதை ஒரே நூலாகப் போகிறது, நூலகம் அதில் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. எடுத்தாலும் கதை அறுபடாது. நூலகப் பந்திக்குக் கட்டம் போட்டேன். பதினாலு சொல், ஏறக்குறையப் பத்து செக்கன்.

நான் விட்ட பிழை அதுதான்.

அன்று காலை மண்டபத்தின் பின்பக்கத்தில் நின்றேன், அங்கேயே படிப்பித்தவள் என்பதால் விட்டார்கள். பெயர் சொன்னதும் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்பது ஒழுங்கு. இவளுக்கு முன்னால் பேசியவன் நல்ல உயரம். ஒலிவாங்கியை இவள் தன் வாய்க்கு இறக்கவே ஐந்து செக்கன் போனது. பிறகு, “ஒரு போத்தல் நிரம்ப 25 செக்கன்” என்றதும், வேப்பமரத்தடியில் கடிகாரத்தோடு நின்றவளைப் பார்த்த சின்னப் பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, ஆளை அடையாளம் கண்டுகொண்ட சிரிப்பு. அது அடங்க ஏழு செக்கன். அவள் அவசரப்படாமல் காத்திருந்தாள், சரியாகத்தான் செய்தாள். ஆனால் கையிருப்பு எட்டு, போனது பன்னிரண்டு.

“அதையும் எழுதுவேன்” என்று முடிக்கிற நேரம் முதல் மணி அடித்தது. பழகியபடியே கட்டத்தைத் தாண்டி “புதுப் பைப் போட என்னால் முடியாது” என்பதற்குப் போனாள். 84ஆவது செக்கனில் நன்றி சொல்லி இறங்கினாள். மற்றவர்களில் இரண்டு பேரை மணி வசனத்தின் நடுவில் வெட்டியிருந்தது. நான் பெருமையோடு நின்றேன். எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்த தரம் 13 பொடியன் ஒருவன் தோழனிடம் கேட்டான்: “இரண்டு வேலை எண்டாள். இரண்டாவது வேலை எங்க?”

கட்டம் போட்ட நான், அதற்கு முன்னால் “இரண்டு வேலை செய்வேன்” என்று ஒரு வசனம் இருப்பதைக் கவனிக்கவே இல்லை. வெட்டக்கூடிய பகுதியை எடுத்துவிட்டு முழுப் பேச்சையும் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒத்திகையில் எல்லாத் தடவையும் முழுதாகவே ஓட்டினோம்.

வாக்குகளை இரண்டு பெட்டியாக எண்ணினார்கள், தரம் 6 முதல் 9 வரை ஒன்று, 10 முதல் 13 வரை ஒன்று. சின்னவர்களின் பெட்டியில் 290 வாக்கு. இவளுக்கு 131, கிரிக்கெட் அணித் தலைவனுக்கு 78. பெரியவர்களின் பெட்டியில் 270. இவளுக்கு 49, அவனுக்கு 121. கூட்டினால் இவளுக்கு 180, அவனுக்கு 199. பத்தொன்பது வாக்கில் தோற்றாள்.

பெட்டி பிரித்து எண்ணியிராவிட்டால் நான் “பொடியனுக்குச் செல்வாக்கு அதிகம்” என்று சொல்லி விட்டிருப்பேன். செல்வாக்கும் இருக்கத்தான் செய்தது. ஆனால் 131உம் 49உம் வேறொன்றைச் சொல்கின்றன. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பெரிய போத்தலில் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள், பைப்படிப் பக்கம் போவதில்லை. அவர்களுக்கு அந்த 61 பேர் யாரோ. பொதுவாகப் பேசினால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் படும். குறிப்பாகப் பேசினால் சிலருக்கு நெஞ்சில் படும், மற்றவர்களுக்குக் காதோடு போய்விடும். அந்த மற்றவர்களுக்காக இருந்தது நூலகம் மட்டும்தான். பாடசாலை 1.30க்கு விட்ட பிறகு ரியூஷன் தொடங்கும் வரை எங்கே இருந்து படிப்பது என்று அலைகிறவர்கள் அவர்கள்தான். பெரியவர்களின் பெட்டிக்குப் போகிற ஒரே வழியில் நான் பென்சிலால் கட்டம் போட்டுவைத்திருந்தேன். கதை அறுபடுகிறதா என்று பார்த்தேனே தவிர, எந்த வசனம் யாருக்காக நிற்கிறது என்று பார்க்கவில்லை.

எதை விட்டிருக்கலாம்? “புதுப் பைப்” பந்தியை. பன்னிரண்டு சொல், அதுவும் ஏறக்குறைய அதே நேரம். எனக்கு மிகவும் பிடித்த பந்தி அது. “முடியாது”, “முடியும்” என்று எதிரெதிராக வந்து நிற்கிற அழகில் மயங்கிவிட்டேன். தன் எல்லை தெரிந்தவள் என்பதை “எண் குறையாவிட்டால் அதையும் எழுதுவேன்” ஏற்கெனவே காட்டிவிட்டது. அல்லது, நூலகத்தை முதலாவதாகவும் தண்ணீரை இரண்டாவதாகவும் வைத்திருக்கலாம். அப்படி வைத்தால் 61இல் தொடங்க முடியாமல் போயிருக்கும், அது சின்னவர்களின் பெட்டியில் எவ்வளவு குறைத்திருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு இரண்டு இரவு படுத்திருந்தேன்.

புதுத் தலைவன் நல்ல பொடியன். தரம் 6, 7 பிள்ளைகளை முந்தி விடுகிற ஒழுங்கை அடுத்த கிழமையே தொடங்கினான். எண்ணுகிற வேலையை அவளிடமே கொடுத்தான். முதல் வெள்ளிக்கிழமை பலகையில் அவளுடைய கையெழுத்தில் 24 என்று இருந்தது. ஏன் 13 இல்லை என்று கேட்டேன். “சின்னப் பிள்ளையள் தண்ணியை நிரப்பிப்போட்டு முகம் கழுவுதுகள் ரீச்சர்” என்றாள்.

நூலகமும் 2.30 வரை திறந்திருக்கிறது, சாவி அவளிடம்தான். முதல் வியாழக்கிழமை உள்ளே பதினேழு பேர் இருந்தார்களாம், எல்லாரும் உயர்தரம். அதில் “இரண்டாவது வேலை எங்க?” என்று கேட்டவனும் ஒருவன். “இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே” என்று கேட்டிருக்கிறான்.